‘பாத்துக்கலாம்’ என்றால் யார் பார்ப்பது?

கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். 78 வயது அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. மூத்த மகன் உள்ளூரில் கடை வைத்திருக்கிறார், அம்மா அவர் வீட்டில். மகள் திருச்சியில் ஆசிரியை. இளையவர் பெங்களூரில். அம்மாவை யார் பார்ப்பது, யார் எவ்வளவு கொடுப்பது என்று ஏற்கெனவே இரண்டு முறை பேசியிருந்தார்கள். இரண்டு முறையும் ஆளுக்கொரு விதமாக ஞாபகம் வைத்துக்கொண்டு சண்டையில் முடிந்தது. மூன்றாவது முறை, எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு கைபேசியில் பதிவு செய்தார்கள். ஒரு மணி பத்து நிமிடம். அதைச் சுருக்கி எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. சொத்திலும் பங்கில்லை, செலவிலும் பங்கில்லை என்பதுதான் என் தகுதி.

முதல் முறை கேட்டபோது எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. கணக்கு எளிது. பகலில் பார்த்துக்கொள்ள வரும் அம்மாளுக்கு 15,000 ரூபாய். வீட்டுக்கு வந்து நடைப்பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டுக்கு, ஒரு முறைக்கு 400 வீதம் மாதம் 12 முறை, 4,800. மருந்து 3,200. டயப்பர் முதலிய சில்லறை 2,000. ஆக 25,000. அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் 11,000 வருகிறது. துண்டு விழுவது 14,000. மூத்தவர், “நான் நாலாயிரம் தர்றேன்” என்றார். இளையவர், “மிச்சம் பத்தாயிரம் போட்டுடலாம்ணே” என்றார். கணக்கு நேர். அடுத்த நிமிடமே பேச்சு வீட்டு வரிக்குப் போய்விட்டது.

இரண்டாவது முறை கேட்டபோதுதான் அந்த ‘போட்டுடலாம்’ உறுத்தியது. யார் போடுவது? தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் முழுமையாகிவிடும். ‘நான் போடுகிறேன்’ என்றும் எடுத்துக்கொள்ளலாம், ‘நானும் அக்காவுமாகப் போடுகிறோம்’ என்றும் எடுத்துக்கொள்ளலாம். மூத்தவர் காதில் முதலாவது விழுந்திருக்கும். சுருக்கத்தில் “இளையவர் 10,000 தர ஒப்புக்கொண்டார்” என்று எழுதியிருந்தால் நான் ஒரு பக்கம் சாய்ந்திருப்பேன். அதுவும் வேண்டுமென்று அல்ல, இல்லாத எழுவாயை நானே போட்டு நிரப்பியதால். அதனால் அவர் சொன்னதை மேற்கோளில் அப்படியே வைத்து, பக்கத்தில் ‘யார் என்பது பதிவில் தெளிவாக இல்லை’ என்று எழுதினேன்.

‘ஒப்புக்கொண்டார்’ என்ற சொல்லையே இந்த வேலையில் ஒதுக்கிவிடுவது நல்லது. சம்மதித்தார் என்றும் பொருள், தவறை ஏற்றார் என்றும் பொருள். இப்படி நடுநிலையைக் கெடுப்பவை பெரும்பாலும் சின்னச் சின்ன ஒட்டுகள். “மாதம் 4,000 கொடுக்கிறார்” என்பது செய்தி. “4,000தான் கொடுக்கிறார்” என்பது குற்றச்சாட்டு. “4,000 கொடுக்கிறாராம்” என்றால் எழுதியவருக்கே நம்பிக்கை இல்லை. ‘புலம்பினார்’, ‘சமாளித்தார்’, ‘விட்டுக்கொடுத்தார்’ எல்லாம் தீர்ப்புகள். என் சுருக்கத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் ‘சொன்னார்’ அல்லது ‘கேட்டார்’ மட்டுமே. படிக்கச் சலிப்பாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

மகள் பணத்தைப் பற்றி என்ன சொன்னார்? “ம்” என்றார். தம்பி பத்தாயிரம் என்றதும் ஒரு முறை, அண்ணன் பேசும்போது நாலைந்து முறை. நம் வீடுகளில் ‘ம்’ என்பது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் போதும், சரி என்பதற்கும் போதும். அதைச் சம்மதக் கணக்கில் சேர்க்கவில்லை. ‘மகள் தொகை எதுவும் சொல்லவில்லை’ என்பதே என் வரி.

ஓர் இடத்தில் சித்தப்பா குறுக்கிட்டு, “பொம்பளைப் புள்ளைக்குச் சட்டப்படி ஒண்ணும் கடமை கிடையாதுப்பா” என்றார். இது தவறு. பெற்றோர் பராமரிப்புக்கான 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தில் மகனோடு மகளும் வருகிறார். ஆனால் அவர் சொன்னதை நான் திருத்தி எழுதினால் அது பேச்சின் சுருக்கம் ஆகாது. சொன்னது சொன்னபடி மேலே, சட்டம் இன்னது என்பது தனிக் குறிப்பாகக் கீழே. அந்தக் குறிப்பை எழுதும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதே சட்டம் ‘பிள்ளைகள்’ என்று எண்ணுகிற பட்டியலில் மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி இருக்கிறார்கள். மருமகள் இல்லை.

பதிவிலும் மூத்த மருமகள் அநேகமாக இல்லை. மொத்தம் மூன்று முறை பேசுகிறார். இரண்டு முறை காபி பற்றி. 41வது நிமிடத்தில் ஒரு முறை, “ராத்திரி மூணு தடவை எந்திரிக்கிறேன், எனக்கும் முதுகு வலி வந்துருச்சு” என்கிறார். அதற்கு இளையவர், “பாத்துக்கலாம் அண்ணி” என்கிறார். பேச்சு நகர்ந்துவிடுகிறது. பேசிய நேரத்தை வைத்து இடம் ஒதுக்கினால் இவருக்கு அரை வரிகூடக் கிடைக்காது. ஆனால் பகல் ஆள் இரவு எட்டு மணிக்குப் போன பிறகு காலை எட்டு மணி வரை அந்த வீட்டில் நடக்கும் வேலை முழுவதும் இவருடையது, அதற்கு ரூபாய்க் கணக்கும் கிடையாது. மதிப்புப் போட்டுத் தொகையாக்கலாமா என்று யோசித்தேன். யாரும் பேசாத எண்ணை நான் நுழைக்க முடியாது. ‘இரவு 8 முதல் காலை 8 வரை: இப்போது மூத்த மருமகள். இதற்கு ஏற்பாடு எதுவும் பேசப்படவில்லை’ என்று செலவுப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே அதே எழுத்தளவில் வைத்தேன்.

‘பாத்துக்கலாம்’ என்பதை என்ன செய்வது? அம்மாவைக் கவனித்துக்கொள்வோம் என்பதா, அப்புறம் யோசிப்போம் என்பதா? இரண்டுக்கும் அதே சொல்தான். பதிவில் அது ஒன்பது முறை வருகிறது. ஒன்பதையும் ‘முடிவாகாதவை’ என்ற தலைப்பின் கீழ் தள்ளினேன். சுருக்கத்தில் மொத்தமே மூன்று தலைப்புகள்: முடிவானவை, ஒருவர் மட்டும் சொன்னவை, முடிவாகாதவை. முதல் தலைப்பின் கீழ் இரண்டே வரிகள்தான் தேறின: பகல் ஆள் தொடர்வார், மூத்தவர் 4,000 தருவார். ஒரு மணி நேரம் பேசியதற்கு இவ்வளவுதானா என்று அவர்களுக்கும் அதிர்ச்சி.

கைபேசி வைத்த இடத்துக்கும் ஒரு சாய்வு உண்டு. அது மூத்தவர் முன்னால் இருந்ததால் அவர் குரல் கணீரென்று கேட்டது. இளையவர் காணொளி அழைப்பில் பேசியதால் பாதி கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கட்டிலில் இருந்த அம்மா பேசியதே தெரியவில்லை. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மூன்றாவது முறை கேட்டபோதுதான், வீட்டு வரிச் சத்தத்துக்கு அடியில் அவர் குரல் பிடிபட்டது: “ராத்திரியில எனக்கு ஆம்பளைங்க தூக்க வேணாம்.” யாரும் பதில் சொல்லவில்லை. ‘அண்ணனும் தம்பியும் முறை வைத்து இரவில் பார்க்கலாம்’ என்று பிறகு வந்த யோசனைக்கு மேலே அந்த வரியை நிமிடக் குறிப்போடு சேர்த்தேன்.

எழுதியதை நால்வருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பி, திருத்தம் சொல்ல இரண்டு நாள் கொடுத்தேன். அம்மாவுக்கு மகள் தொலைபேசியில் படித்துக் காட்டினார். இளையவர் அன்றிரவே அழைத்தார். “பத்தும் நான்னு சொல்லலையே. நான் ஏழு, அக்கா மூணுன்னுதான் நினைச்சேன்.” மகளுக்கு அந்த மூன்று புதுச் செய்தி, யோசித்துவிட்டு 2,000 முடியும் என்றார். பதிவில் சொன்ன வரியை நான் அழிக்கவில்லை. அதன் கீழே தேதி போட்டு இருவரின் விளக்கத்தையும் சேர்த்தேன். இப்போது 1,000 ரூபாய் துண்டு விழுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மூத்த மருமகளிடமிருந்து ஒரே ஒரு திருத்தம் வந்தது: மூன்று தடவை இல்லை, இப்போது நாலு.