இருபது இடம், ஒரு பக்கக் கடிதம்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் ஏற்றுமதிப் பிரிவில் எட்டு வருடம் இருந்த நண்பர், கோடிங் வகுப்பு ஒன்றுக்கு விண்ணப்பித்தார். மொத்தம் 20 இடம். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அவருடைய கடிதம், "சிறு வயது முதலே கணினியில் தீராத ஆர்வம்" என்று தொடங்கியது. அதே வரியை இன்னும் நூறு பேர் எழுதியிருப்பார்கள் என்றேன். முகம் வாடிவிட்டது.

"சரி, நிஜமாகவே ஏதாவது எழுதிப் பார்த்தீங்களா?" என்று கேட்டபிறகுதான் சரக்கு வெளியே வந்தது.

ஷிப்மென்ட் கிளம்பும் முன், பேக்கிங் லிஸ்ட்டில் உள்ள பெட்டி எண்களைக் கிடங்கில் ஸ்கேன் செய்த பட்டியலோடு ஒப்பிடுவது அவர் வேலை. கண்ணால் பார்த்தால் அரை நாள் போகும். பைத்தானில் சின்னதாக ஒரு நிரல் எழுதினார். ஓட்டியதும், 312 பெட்டியில் ஒன்றுகூட வரவில்லை என்றது! பெட்டிகளோ எதிரிலேயே அடுக்கியிருந்தன.

காரணம் பூஜ்யம். பேக்கிங் லிஸ்ட்டில் எல்லாமே எண்கள் என்பதால், நிரல் 0042-ஐ வெறும் 42 ஆக்கிவிட்டது. ஸ்கேன் பட்டியலில் 0107A போல எழுத்து கலந்த எண்களும் இருந்ததால், அங்கே 0042 அப்படியே நின்றது. இரண்டும் எப்படிப் பொருந்தும்? கண்டுபிடிக்க இரண்டு இரவு ஆயிற்று. திருத்தம் ஒரே வரி, எண்ணாக மாற்றாமல் எழுத்தாகவே படி என்பதுதான்:

```
a = pd.read_csv("packing.csv", dtype=str)
```

கடிதத்தில் இதைத்தான் எழுதச் சொன்னேன். நிரல் ஓடியதைவிட, ஓடாதபோது அவர் என்ன செய்தார் என்பது தேர்வு செய்பவருக்கு முக்கியம். வகுப்பில் பாதி நாள் அந்த வேலைதானே! எட்டு வருட அனுபவமும் வீணாகவில்லை. ஒரு பெட்டி குறைந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர் எழுதும் நிரல் வேறு மாதிரி இருக்கும்.

அடுத்தது நேரம். பலர் "கடுமையாக உழைப்பேன்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். இடம் குறைவான வகுப்பில் ஒருவர் நடுவில் நின்றுவிட்டால் அந்த நாற்காலி காலிதான். வெளியே காத்திருந்தவருக்கு அது போய்ச் சேராது. தேர்வு செய்பவரின் பயமே அதுதான். நண்பர் இப்படி எழுதினார்: "காலை 5 முதல் 7 வரை படிக்கிறேன். ஆறு வாரமாக நடக்கிறது. மாதக் கடைசியில் ஷிப்மென்ட் வாரத்தில் முடியாது. அதை ஞாயிற்றுக்கிழமை ஈடுகட்டுகிறேன்." முடியாத வாரத்தை ஒப்புக்கொண்டதால்தான் மற்ற வாரங்களை நம்பத் தோன்றுகிறது.

பழைய முதலாளியைப் பற்றி ஒரு பத்தி குறை இருந்தது. அதை அடித்துவிட்டோம்.

நீங்கள் எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டினால், முதலில் ஆர்வத்தைப் பற்றிய வரிகளை எடுங்கள். பூஜ்யத்தை எடுத்துவிடாதீர்கள்.