கண்ணாடியை இறக்கிவிட்டால் காருக்குள் சிகரெட் புகை போய்விடுமா?

"ஜன்னல் திறந்துதானே இருக்கு?" பின் சீட்டில் பிள்ளைகள் இருக்கும்போதே சிகரெட்டைப் பற்றவைப்பவர் சொல்லும் சமாதானம் இது. சரிதானா, பார்ப்போம்.

சாதாரண காரின் உட்புறம் ஏறத்தாழ 3 கனமீட்டர்தான். ஒரு சிகரெட் சுற்றிலும் பரப்பும் நுண்துகள் சுமார் 10 மில்லிகிராம். கண்ணாடி மூடியிருந்தால் ஒரு கனமீட்டருக்கு 3,000 மைக்ரோகிராமுக்கு மேல் சேரும். வெளிக்காற்றில் ஒரு நாள் சராசரிக்கு இந்தியா வைத்திருக்கும் வரம்போ வெறும் 60!

திறந்தால்? அடியில் ஓட்டை உள்ள வாளியைக் குழாயடியில் வையுங்கள். தண்ணீர் ஒழுகும், ஆனாலும் வாளி காலியாகாது. ஓட்டை பெரிதானால் மட்டம் இறங்கும், அவ்வளவே. குழாயை மூடினால்தான் வாளி வடியும். சிகரெட் எரியும் சில நிமிடங்களும் குழாய் திறந்தே இருக்கிறது.

ஓடும் காரில் முன் ஜன்னலை ஒட்டி வெளியே காற்றழுத்தம் குறையும். அதனால் புகை அவ்வழியே உறிஞ்சப்படும். ஆனால் எல்லாம் போவதில்லை. கொஞ்சம் காருக்குள்ளேயே சுழன்று பின் சீட்டை எட்டும். சிக்னலில் நின்றாலோ அந்த உறிஞ்சலும் இல்லை. பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடும் குழந்தை, உடல் எடைக்கு அதிகமாகவே புகையை இழுக்கும்.

இங்கிலாந்தில் 2015 அக்டோபர் முதல், 18 வயதுக்குட்பட்டவர் இருக்கும் காரில் புகைப்பது குற்றம். ஜன்னல் திறந்திருந்தாலும் விலக்கில்லை. கூரையை முழுக்க மடக்கிய காருக்கு மட்டுமே உண்டு.