ஊருக்குப் போக இரண்டு வாரம்

"அக்கா, ஆடியில எங்க ஊர் அம்மனுக்குக் கூழ் ஊத்துறாங்க. ரெண்டு வாரம் லீவு வேணும்." சென்னையில் வீட்டு வேலை செய்யும் பெண் இதைக் கேட்கத் தயங்குவது சம்பளப் பிடித்தத்துக்காக மட்டுமல்ல, திரும்பி வரும்போது வேலை இருக்குமா என்ற பயம்தான் பெரிது.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென நலவாரியம் 2007 முதல் இருக்கிறது. ஆனால் விடுப்பை முடிவு செய்வது பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான்.

மாதம் 3,000 ரூபாய் வாங்குபவருக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். பதினான்கு நாளும் பிடித்தால் 1,400 ரூபாய் போய்விடும். மூன்று வீடுகளில் வேலை என்றால் இழப்பும் மும்மடங்கு. பஸ் செலவும் திருவிழாச் செலவும் கூடும் மாதத்தில் அந்த இழப்பு கடனில்தான் முடியும்.

பதிலுக்குத் தங்கையையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ விட்டுப் போவது வழக்கம். வந்தவர் குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டால், "இவளே இருக்கட்டும்" என்று வீட்டார் சொல்லிவிடுவதும் உண்டு.

ஆகவே கிளம்பும் முன்பே மூன்றைப் பேசி முடிக்க வேண்டும்: திரும்பும் தேதி, மாற்று ஆளுக்குக் கூலி தருவது யார், பிடித்தம் எவ்வளவு. பாதிச் சம்பளமாவது விடுப்புக்குத் தருவதே நியாயம்.