முன்னிடைச்சொல்லில் முடியும் ஆங்கிலச் செயப்பாட்டுவினை

செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றும் பயிற்சி ஆங்கிலம் கற்கும் மாணாக்கர் யாவர்க்கும் பழக்கமானது. செயப்படுபொருளை எழுவாயாக்குக, வினையை மாற்றுக, வினைமுதலை 'பை' என்னுஞ் சொல்லோடு இறுதியில் வைக்குக என்பதே அவர் கற்கும் விதி. இவ்விதியின்படி, செயப்படுபொருள் குன்றிய வினைக்குச் செயப்பாட்டுவினை இல்லை. 'சிலீப்', அதாவது உறங்குதல், அத்தகைய குன்றிய வினையாகும். ஆயினும் ஆங்கிலேயர் 'த பெட் வொஸ் சிலெப்ற் இன்' என எவ்விதத் தயக்கமுமின்றிக் கூறுவர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'படுக்கை உள்ளே உறங்கப்பட்டது' என நகைப்புக்கிடமாகும் இத்தொடர், அவர் மொழியில் முற்றிலும் இயல்பானது.

இங்கு நிகழ்வது யாது? 'யாரோ படுக்கையில் உறங்கினார்' என்னும் செய்வினைத் தொடரில், ஆங்கில முறைப்படி, 'இன்' என்னும் முன்னிடைச்சொல் வினைக்குப் பின்னும் 'படுக்கை' என்னும் பெயர்க்கு முன்னும் நிற்கின்றது. செயப்பாட்டுவினையில் அப்பெயர் மட்டும் எழுந்து எழுவாயிடத்துக்குச் செல்கின்றது. முன்னிடைச்சொல்லோ இருந்த இடத்திலேயே தனித்து நின்றுவிடுகின்றது. 'ஷி இஸ் பீயிங் லுக்ற் ஆஃப்ரர்' (அவள் பராமரிக்கப்படுகின்றாள்) என்பதும் இவ்வாறமைந்ததே.

தமிழில் இத்தகைய அமைப்புக்கு இடமில்லை. வேற்றுமையுருபு பெயரின் உடலோடு ஒட்டியது. பெயர் நீங்கியபின் 'இல்' தனித்து நிற்றல் இயலாது. ஜெர்மன் மொழியில் முன்னிடைச்சொல் உண்டெனினும் அது பெயரைப் பிரிவதில்லை. 'படுக்கையில் உறங்கப்பட்டது' என எழுவாயின்றிக் கூறுவதே அம்மொழியின் வழக்கு. ஆங்கிலத்திலும் இவ்வமைப்புத் தொன்மையானதன்று. ஏறக்குறைய 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் இது காணப்படவில்லை. 13ஆம் நூற்றாண்டளவில் தலைகாட்டிப் பின்னரே பெருகியது. அக்காலத்தில் ஆங்கிலப் பெயர்கள் தம் வேற்றுமை விகுதிகளைப் பெரிதும் இழந்துவிட்டமை கருதத்தக்கது.

தமிழ் மாணாக்கர் இவ்விடத்தில் இழைக்கும் தவறு, முன்னிடைச்சொல்லை விட்டுவிடுதல். 'த பெட் வொஸ் சிலெப்ற்' என்று எழுதி நிறுத்திவிடுவர். இதனைக் கவனக்குறைவெனத் தள்ளுதல் பொருந்தாது. தாய்மொழியின் பழக்கமே அவ்வாறு எழுதத் தூண்டுகின்றது. 'அவன் கட்டிலில் உறங்கினான்' என்பதைப் பெயரெச்சத் தொடராக்கினால் 'அவன் உறங்கிய கட்டில்' என்றாகும். 'இல்' மறைந்துவிட்டது, அதனை எவருந் தேடுவதுமில்லை. பெயரெச்சம் செய்பவனையும் செய்பொருளையும் மட்டுமன்றி, கருவி, நிலம், காலம் முதலியவற்றையும் உருபின்றியே தழுவும் என்பதை நன்னூல் கற்றோர் அறிவர். கட்டில் ஈண்டு உறக்கத்தின் நிலம். உருபு மறைந்தாலும் பொருள் மயங்காத மொழியிற் பழகியவர், ஆங்கிலத்திலும் அது தானே விளங்குமென எண்ணுகின்றார். ஆங்கிலத்தில் அவ்வாறு விளங்குவதில்லை.

'லுக்' என்னும் வினையில் இதன் விளைவை நன்கு காணலாம். அதனோடு 'அற்' சேர்ந்தால் நோக்குதல். 'ஃபோர்' சேர்ந்தால் தேடுதல். 'இன்ரு' சேர்ந்தால் ஆராய்தல். 'ஆஃப்ரர்' சேர்ந்தால் பராமரித்தல். 'தாதி நோயாளியைப் பராமரிக்கின்றாள்' என்பதை மாற்றும்போது 'லுக்ற் ஆஃப்ரர் பை த நேர்ஸ்' என இரு முன்னிடைச்சொற்கள் அடுத்தடுத்து வரும். அதைக் கண்டு மிரளும் மாணாக்கர் ஒன்று மிகையென நினைத்து 'ஆஃப்ரர்' என்பதை நீக்கிவிடுகின்றார். அதனோடு நோயாளிக்குக் கிடைத்த பராமரிப்பும் நீங்கிவிடுகின்றது! பின்னது வினைமுதலுக்கு உரியது. முன்னது வினைக்கு உரியது. தொடரை மீண்டும் செய்வினையாக்கிப் பார்த்தால் எது எதற்குரியதென்பது புலப்படும்.

வேறு சிலர் நேர்மாறாக, வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடித்தல் பிழையெனக் கற்றிருப்பதால் அஞ்சுகின்றனர். 1672இல் டிறைடன் என்னும் புலவர் பென் ஜோன்சனின் நடையில் இதனைக் குற்றமெனக் காட்டினார். பின்வந்த பள்ளியாசிரியர் அதனை விதியாக்கினர். 'அவன் உறங்கிய கட்டில்' என்பதனை ஆங்கிலத்தில் கூறுங்கால் 'இன்' என்பதை முன்னே கொண்டுசென்று அவ்விதியைக் காத்தல் கூடும். செயப்பாட்டுவினையிலோ அதனைக் கொண்டுசெல்ல இடமே இல்லை. எனவே அவ்விதி ஈண்டுச் செல்லாது.

இனி, எந்தப் பெயரையும் இவ்வாறு எழுவாயாக்கலாமோ எனின், அன்று. இதுவே நுட்பமான பகுதி. விருந்தினர் ஒருவர் காலையிற் காணப்படவில்லை. வீட்டார் அறையுட் சென்று பார்க்கின்றனர். விரிப்புக் கசங்கவில்லை, தலையணை அமுங்கவில்லை. 'படுக்கை உறங்கப்பட்டிருக்கவில்லை' என்னும் பொருள்பட ஆங்கிலேயர் அமைக்குந் தொடர், துப்பறியும் கதைகளில் மிகப் பழகியது. 'படுக்கை கலையவில்லை' என்பதே அதற்கேற்ற தமிழாகும். அத்தொடரின் உயிர்நிலை உறக்கமன்று. உறக்கம் படுக்கையில் விட்டுச்செல்லும் அடையாளமே. வினை அப்பொருளைத் தீண்டி, அதன் நிலையை மாற்றியிருத்தலால், குன்றிய வினையாயினும் படுக்கை செயப்படுபொருள்போல் மதிக்கப்படுகின்றது.

இப்போது 'இன்' என்பதற்கு மாறாகக் 'கீழே' எனப் பொருள்படும் 'அண்டர்' என்பதை வைத்து, மரம் ஒன்றை எழுவாயாக்குக. 'மரம் நேற்று ஒரு சிறுவனால் கீழே உறங்கப்பட்டது' என்ற வகையில் ஆங்கிலேயர் கூறார். சிறுவன் உறங்கியதால் மரத்துக்கு யாதும் நேரவில்லை. அவ்வாறே 'அறைவ் அற்' என்னும் தொடர். 'ஒரு முடிவு அறைவ்ட் அற்' எனல் தகும். ஏனெனில் அடைவதற்கு முன் அம்முடிவு இருந்ததில்லை. அடைதலே அதனை உண்டாக்கியது. 'புகையிரத நிலையம் அறைவ்ட் அற்' எனல் தகாது. வண்டி வந்தாலும் வராவிட்டாலும் நிலையம் நிலையமே. வினையும் முன்னிடைச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாயிருக்க, பெயரின் தன்மையே தொடரை ஏற்பதும் மறுப்பதுமாகின்றது.

வினையும் முன்னிடைச்சொல்லும் ஒரு சொல்லாக இறுகிவிட்டன எனச் சில இலக்கண நூலார் கூறுவதற்கும் ஓரளவு சான்றுண்டு. 'லுக்' என்பதற்கும் 'இன்ரு' என்பதற்கும் இடையே, செய்வினையில், 'கவனமாக' என்னும் பொருளுள்ள 'கெயஃபுலி' இடம்பெறும். செயப்பாட்டுவினையில் அச்சொல் 'லுக்ற்' என்பதற்கு முன் நிற்றலே இயல்பு. ஆயின் இறுக்கம் ஒன்றே காரணமாயின், நிலையத்தையும் முடிவையும் வேறுபடுத்துதல் இயலாது. ஆதலின் பொருளின் பாதிப்பே வலிமையான காரணமெனக் கொள்ளல் தகும்.

அதற்கும் எல்லையுண்டு. மேற்கூறிய மரத்தின் கீழ் ஒரு சிறுவனன்றி, தலைமுறை தலைமுறையாக யாத்திரிகர் உறங்கி வந்தனர் எனக் கொள்க. அப்போது 'சிலெப்ற் அண்டர்' என முடியும் தொடரை ஆங்கிலேயருட் பலர் ஏற்பர். மரத்தின் ஓர் இலையும் கசங்கவில்லை. ஆயினும் அது யாத்திரிகர் மரம் எனப் பெயர்பெற்றுவிட்டது. செயல் அதற்கு ஓர் இயல்பைத் தந்துவிட்டது. எத்தனை பேர் உறங்கினால் அவ்வியல்பு பொருந்தும் என்பதில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரே தம்முள் ஒத்துப்போவதில்லை.