பழகப் பழக வரும் ‘ஜோங்’

2015-ல் வந்த ‘ரிப்ளை 1988’ கொரியத் தொடரின் முதல் அத்தியாயம். சோல் நகரத்துச் சந்து ஒன்றில் இரவுச் சாப்பாட்டு நேரம். ஒரு வீட்டில் சமைத்தது அடுத்த வீட்டுக்குப் போகிறது. அங்கிருந்து வேறொன்று வருகிறது. பிள்ளைகள் தட்டும் கையுமாக அலைகிறார்கள். இந்த ஒட்டுதலைத்தான் கொரியர்கள் ‘ஜோங்’ என்கிறார்கள்.

இந்தக் காட்சியைப் பகிரும் ரசிகை ‘காதல்’ என்று எழுதினால் பொருந்தாது; அதற்கு ‘சராங்’ இருக்கிறது. ‘பாசம்’ நெருங்கி வரும். ஆனால், சண்டை போட்டுப் போட்டே வளரும் ‘மியுன் ஜோங்’ அதில் அடங்காது. ஜோங் நாளாவட்டத்தில் தானாக உள்ளே வந்துவிடும் என்பது கொரியர் வழக்கு. அதனால், ‘பழகிப் பழகி மனசு ஒட்டிப்போச்சு’ என்று எழுதலாம். பிடிக்காமல் பழகியவர்களுக்கும் அது பொருந்தும்.