இன்னும் வராத கிளெய்முக்கு இன்றே பணம்

மார்ச் 30ஆம் தேதி இரவு உளுந்தூர்பேட்டை அருகே ஒரு லாரி இருசக்கர வாகனத்தில் மோதி, அதில் வந்த 30 வயது தச்சர் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். லாரிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருக்கிறது. மறுநாள் மார்ச் 31. காப்பீட்டு நிறுவனம் ஆண்டுக் கணக்கை முடிக்கும் நாள். அன்று நிறுவனத்தின் எந்தக் கோப்பிலும் இந்த விபத்து இருக்காது. குடும்பம் காரியம் முடித்து, வக்கீலைப் பார்த்து, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட மாதங்கள் ஆகும். தீர்ப்பு வர ஆண்டுகள் ஆகலாம்.

ஆனால் நிறுவனம் கொடுக்க வேண்டிய கடன் மார்ச் 30 இரவே பிறந்துவிட்டது. பாலிசி எந்த நாளுக்குப் பொறுப்பேற்றதோ அந்த நாளில்தான் விபத்து நடந்தது; அதற்கான பிரீமியமும் இந்த ஆண்டின் வருமானத்தில் சேர்ந்துவிட்டது. வருமானத்தை இந்த ஆண்டில் காட்டிவிட்டுச் செலவை அடுத்த ஆண்டுக்குத் தள்ள முடியாது. ஆகவே, நடந்துவிட்ட, ஆனால் இன்னும் தெரியவராத விபத்துகளுக்காக ஒரு தொகையை மதிப்பிட்டு ஒதுக்குகிறார்கள். காப்பீட்டுத் துறையில் இதன் பெயர் ஐபிஎன்ஆர் ஒதுக்கீடு.

இயக்குநர் குழுவில் வங்கியாளர், வழக்கறிஞர், தொழிலதிபர் என்று பலர் இருப்பார்கள். ஆக்சுவரி படிப்பு படித்தவர் பெரும்பாலும் இருக்க மாட்டார். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “கிளெய்மே வராதபோது லாபத்திலிருந்து எதற்கு எடுத்து வைக்க வேண்டும்?” என்பது. அது லாபத்திலிருந்து எடுத்து வைக்கும் சேமிப்பு அல்ல, ஏற்கெனவே பட்ட கடன் என்பதுதான் பதில். யாருக்கு, எவ்வளவு என்பது மட்டும் இன்னும் தெரியாது.

இந்த ஒதுக்கீட்டுக்குள் இரண்டு பகுதிகள் உண்டு. தச்சரின் விபத்தைப் போலத் தகவலே வராதவை ஒன்று. தகவல் வந்து, கிளெய்ம் பிரிவு கோப்பு திறந்து, பத்து லட்சம் என்று குறித்துவைத்து, கடைசியில் இருபது லட்சமாக முடிபவை இன்னொன்று. அந்தக் கூடுதல் பத்து லட்சமும் ஐபிஎன்ஆர் கணக்கிலேயே சேர்கிறது. மூன்றாம் நபர் காப்பீட்டில் இந்த இரண்டாவது பகுதியைச் சிறியது என்று ஒதுக்கிவிட முடியாது.

ஒரு சிறிய கணக்கு

வராத கிளெய்மை எப்படி எண்ணுவது? முந்தைய ஆண்டுகளின் விபத்துகள் எந்த வேகத்தில் வெளிப்பட்டன என்று பார்த்துத்தான். ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். விபத்து நடந்த ஆண்டுவாரியாக, கொடுத்த தொகையையும் கோப்புகளில் குறித்துவைத்த தொகையையும் கூட்டி, 2025 மார்ச் 31 வரையிலான நிலையைக் கோடி ரூபாயில் எழுதுகிறோம். உண்மையில் மூன்றாம் நபர் கிளெய்ம்கள் பல ஆண்டுகள் இழுக்கும். இங்கே எளிமைக்காக மூன்றே ஆண்டுகளில் எல்லாம் முடிவதாகக் கொள்வோம்.

| விபத்து ஆண்டு | முதல் ஆண்டு முடிவில் | இரண்டாம் ஆண்டு முடிவில் | மூன்றாம் ஆண்டு முடிவில் |
|---|---|---|---|
| 2022–23 | 40 | 60 | 72 |
| 2023–24 | 50 | 75 | – |
| 2024–25 | 60 | – | – |

முதல் ஆண்டு முடிவில் 40 ஆக இருந்தது அடுத்த ஆண்டில் 60 ஆனது. 50 ஆக இருந்தது 75 ஆனது. இரண்டும் ஒன்றரை மடங்கு. அதற்கடுத்த ஆண்டில் 60 என்பது 72 ஆனது, அதாவது 1.2 மடங்கு. இதே போக்கு தொடர்ந்தால், 2023–24இன் 75 கோடி கடைசியில் 90 கோடியாகும். இன்னும் வர வேண்டியது 15. 2024–25இன் 60 கோடி முதலில் 90 ஆகி, பிறகு 108 ஆகும். வர வேண்டியது 48. இரண்டும் சேர்ந்து 63 கோடி. இதுதான் இந்த நிறுவனத்தின் ஐபிஎன்ஆர். ஆக்சுவரிகள் இம்முறையைச் செயின் லேடர் என்பார்கள். நிஜ அட்டவணையில் வரிசைகள் கூடும், அடிப்படை இதுதான்.

கடைசி வரிசையைக் கவனியுங்கள். மிகக் குறைவாகத் தெரிந்த ஆண்டின் எண்ணைத்தான் மிக அதிகமாகப் பெருக்குகிறோம். 60 கோடியை 1.8ஆல் பெருக்கும்போது, அந்த அறுபதில் உள்ள ஒரு கோடிப் பிழை 1.8 கோடிப் பிழையாகிறது.

குறைவாக வந்தால் நல்ல செய்தியா?

அந்த ஆண்டில் 60 கோடிக்குப் பதில் 45 கோடிதான் பதிவானது என்று வைத்துக்கொள்வோம். விபத்து குறையவில்லை. தீர்ப்பாயங்களில் வேலை தேங்கியது, அல்லது புதிய கணினி அமைப்புக்கு மாறியதில் கோப்பு திறப்பது தாமதமானது. மடங்கு முறை இதை அறியாது. 45ஐ 1.8ஆல் பெருக்கி, கடைசித் தொகை 81 கோடி, வர வேண்டியது 36 கோடி என்று சொல்லிவிடும். உண்மையில் கடைசித் தொகை 108ஆகவே இருக்கும். 45 போக வர வேண்டியது 63 கோடி. பதிவான தொகை குறைந்தால் பதிவாகாத தொகை கூடியிருக்க வேண்டும். முறையோ இரண்டையும் சேர்த்தே குறைக்கிறது. 27 கோடி பற்றாக்குறை, அந்த ஆண்டின் லாபமாகத் தோற்றம் தரும்.

இதற்காகவே 1972இல் ரொனால்ட் போர்ன்ஹூட்டர், ரொனால்ட் ஃபெர்குசன் என்ற இருவர் இன்னொரு வழியை முன்வைத்தார்கள். வந்ததைப் பெருக்காமல், பிரீமியத்திலிருந்து தொடங்குகிறது இந்த முறை. ஈட்டிய பிரீமியம் 120 கோடி. அதில் 90 சதவீதம், அதாவது 108 கோடி, இழப்பீடாகும் என்பது முன் எதிர்பார்ப்பு. முதல் ஆண்டு முடிவில் சுமார் 44 சதவீதம் இன்னும் வெளிப்படாமல் இருக்கும் என்பது பழைய போக்கு. ஆகவே 108இல் 48 கோடியை ஒதுக்கு என்கிறது. பதிவானது 60 ஆனாலும் 45 ஆனாலும் இந்த 48 மாறாது. தாமத ஆண்டில் இதுவும் 15 கோடி குறைவுதான். ஆனால் 27ஐவிட நெருக்கம். அந்த 90 சதவீத எதிர்பார்ப்பே தவறென்றால் இம்முறையும் தவறும். இரு முறைகளும் வெகுவாக விலகி நிற்கும்போது, எது சரி என்று கேட்பதற்கு முன் கிளெய்ம் பிரிவில் என்ன மாறியது என்று கேட்க வேண்டும்.

வேகம் சட்டத்தாலும் மாறும். விபத்து மனுவுக்கு இருந்த காலவரம்பை 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஆறு மாத வரம்பை மீண்டும் கொண்டுவந்து, அது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்ற விதியும் அதே நாளில்தான் வந்தது. இவற்றால் கிளெய்ம் முன்கூட்டியே வந்தால், மெதுவாக வந்த காலத்தின் மடங்குகளை வைத்துப் பெருக்குவது ஒதுக்கீட்டைத் தேவைக்கு மேல் ஊதிவிடும். ஆகவே 2022க்கு முந்தைய வரிசைகளையும் பிந்தைய வரிசைகளையும் ஆக்சுவரி எப்படிக் கையாண்டார் என்பது இயக்குநர் தயங்காமல் கேட்கக்கூடிய கேள்வி.

ஒரே தீர்ப்பில் எட்டு லட்சம்

இனி தொகை. நமது தச்சரின் மாத வருமானம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்கிறது, ஆண்டுக்கு 1,80,000. அவரை நம்பி மூவர் இருந்ததால் சொந்தச் செலவுக்கென மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 1,20,000. வயது 30 என்பதால், சர்லா வர்மா வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் தந்த அட்டவணைப்படி 17ஆல் பெருக்க வேண்டும், 20.40 லட்சம் வருகிறது. பிறகு 2017 அக்டோபரில் பிரணய் சேத்தி வழக்கில் அரசியல் சாசன அமர்வு, 40 வயதுக்குக் குறைந்த சுயதொழில் செய்பவரின் வருமானத்தோடு எதிர்கால வாய்ப்புக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்றது. அப்படிக் கூட்டினால் 28.56 லட்சம்.

எதிர்கால வாய்ப்பைச் சேர்க்காமல் குறித்துவைத்த ஒவ்வொரு கோப்பிலும் இப்படிப் பற்றாக்குறை விழும். தீர்ப்புக்கு முன்பே நடந்த, இன்னும் முடியாத விபத்துகளுக்கும் அது பொருந்தியது. ஆனால் அந்த ஆண்டுகளின் பிரீமியத்தைத் திரும்பப் போய் வசூலிக்க முடியாது. இந்தியாவில் மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. மரணம், காயத்துக்கான பொறுப்புக்கோ உச்சவரம்பு இல்லை.

இது சேர்ந்தால் என்னவாகும் என்பதை நாடு ஒருமுறை பார்த்தது. 2007 ஏப்ரல் முதல் வணிக வாகனங்களின் மூன்றாம் நபர் காப்பீட்டை ஒரே தொகுப்பில் போட்டு, பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பைப் பங்கிட்டுக்கொண்டன. ஜிஐசி அதை நிர்வகித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2011 மார்ச்சில், தொடக்கம் முதலான எல்லா ஆண்டுகளுக்கும் 100 ரூபாய் பிரீமியத்துக்கு 153 ரூபாய் இழப்பீடு என்ற கணக்கில் ஒதுக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. பல ஆண்டுகளின் பற்றாக்குறை ஒன்றாக வந்து விழுந்தது. பிரிட்டன் அரசின் ஆக்சுவரி துறை ஆராய்ந்த பிறகு மதிப்பீடு இன்னும் உயர்ந்தது. 2012 மார்ச்சோடு அந்தத் தொகுப்பு கலைக்கப்பட்டது.

குழுவில் கேட்க வேண்டியது

நிறுவனத்தின் ஐபிஎன்ஆர் தொகைக்கு, நியமிக்கப்பட்ட ஆக்சுவரி சான்றளிக்கிறார். அவருடைய சூத்திரத்தை இயக்குநர் சரிபார்க்க வேண்டியதில்லை. கடந்த ஆண்டு சொன்னது இந்த ஆண்டு எப்படி நடந்தது என்பதை ஒரே பக்கத்தில் கேட்டு வாங்க வேண்டும். நமது அட்டவணைப்படி 2025–26இல், 2023–24 விபத்துகளிலிருந்து 15 கோடியும் 2024–25 விபத்துகளிலிருந்து 30 கோடியும், ஆக 45 கோடி வெளிப்பட வேண்டும். 55 கோடி வந்திருந்தால், அந்தப் பத்து கோடி எண்ணிக்கை கூடியதாலா, ஒவ்வொரு கிளெய்மின் தொகை கூடியதாலா, கோப்புகள் விரைவாகத் திறக்கப்பட்டதாலா என்று பிரித்துச் சொல்லச் செய்ய வேண்டும். முதல் இரண்டும் கூடுதல் செலவு. மூன்றாவது வெறும் வேகம்.

ஒரு ஆண்டு விலகினால் அது தற்செயலாக இருக்கலாம். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒரே பக்கம் குறைவாக இருந்தால், மதிப்பீட்டு முறையிலேயே சாய்வு இருக்கிறது என்று கொள்ள வேண்டும். லாப இலக்கு எட்டாத ஆண்டில் ஐபிஎன்ஆர் குறைந்திருந்தால், அதற்கான காரணம் விபத்து விவரங்களில் இருக்கிறதா என்று அன்றே கேட்டு, பதிலை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்று குறைத்துக் காட்டியது அடுத்த ஆண்டுகளில் கிளெய்மாகத் திரும்பி வரும்போது, அதைக் கொடுக்க வேண்டிய பணம் பங்காதாயமாக வெளியே போயிருக்கும்.