கதவு எதற்கு, தட்டு எதற்கு?

பெங்களூரு நீலசந்திராவின் சந்து ஒன்றில், ஆறு பேர் வாழும் வீட்டின் சமையலறைக்குச் சென்றிருந்தோம். எட்டடி நீளம், ஆறடி அகலம். சுவரில் பழைய கடப்பைக் கல் தட்டுகள். அவற்றில் கதவின்றி அடுக்கிய எவர்சில்வர் பாத்திரங்கள். எல்லாவற்றுக்கும் கதவு போட்டு மூடுவதற்குத் தச்சர் கணக்கெழுதித் தந்திருந்தார்: எழுபது சதுர அடி, அடிக்கு 1,600 ரூபாய், ஆக 1,12,000 ரூபாய். வங்கிக் கடன் வாங்கலாமா என்பது வரை பேச்சு வளர்ந்திருந்தது.

மருமகளுக்குக் கதவு வேண்டும். "வாரந்தோறும் பிசுக்கைத் தேய்ப்பது நான்தானே, அத்தை" என்றார். மாமியாருக்கு முழங்கால் வலி. "ஒவ்வொரு கதவாகத் திறந்து தேடுவதற்குள் தாளிப்பு கருகிவிடும், அம்மா" என்பது அவர் பதில். இருவர் சொல்வதும் உண்மை என்பதுதான் சிக்கல்.

பிசுக்கு எங்கே படிகிறது என்று முதலில் பார்த்தோம். தாளிக்கும்போது எழும் எண்ணெய்த் துளிகள் ஆவியோடு மேலேறி, குளிர்ந்த உலோகத்தின்மீது படிகின்றன. தெருத்தூசி அதன்மேல் ஒட்டிப் பசையாகிறது. ஆனால் அன்றாடம் தேய்க்கும் தட்டிலும் டம்ளரிலும் இது தங்குவதில்லை. மேல் தட்டிலிருந்த முறுக்குக் குழலையும் பெரிய இட்லிப் பானையையும் விரலால் தொட்டதும் விரல் ஒட்டியது. ஆகவே பிசுக்குக்குக் காரணம் தட்டு திறந்திருப்பது மட்டுமன்று. பாத்திரம் அசையாமல் இருப்பதுமாகும்.

கதவுக்கும் குறைகள் உண்டு. அவசரத்தில் ஈரத்தோடு உள்ளே கவிழ்த்த பாத்திரம் உலர்வதில்லை, நாற்றம் பிடிக்கிறது. இருட்டும் ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்த இடம் கரப்பான்பூச்சிக்கு உகந்த வீடு. கதவிடுக்கில் மிளகுபோல் கரும்புள்ளிகள் தென்பட்டால் அது குடிவந்துவிட்டது என்று பொருள். தொட்டியின் கீழே நிலைமை இன்னும் மோசம். குழாய் கசியும் இடத்தில் மரத்தூள் பலகைக் கதவு போட்டால், அடிவிளிம்பு உப்பி, கீலின் திருகுகள் கழன்றுவிடும். அங்கே கதவு வேண்டுமென்றால் நீர் தாங்கும் தரமுள்ள பிளைவுட்டையே கேட்க வேண்டும். வெட்டிய விளிம்புகளையும் மூடச் சொல்ல வேண்டும்.

எரிவாயு உருளையை வைக்கும் இடத்தை இறுக மூடவே கூடாது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். கதவு இன்றியமையாதது என்றால், அதன் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. 1926இல் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி, ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அதுவும் சிறியதே, ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். கழுவிய தட்டுகள் சொட்டி உலரத் திறந்த சட்டம். மற்றவற்றுக்கு மூடிய அலமாரி. இரண்டில் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, பொருளுக்கேற்பப் பிரித்தார்.

நீலசந்திரா வீட்டிலும் அவ்வாறே பிரிக்க ஒரு வாரச் சோதனை செய்யச் சொன்னோம். எடுத்துப் புழங்கிய பாத்திரத்தைக் கழுவியபின் பழைய இடத்தில் வைக்காமல், தனியே ஒரு தட்டில் வைக்க வேண்டும். இருந்தவை 84. ஏழு நாளில் இடம் மாறியவை 31 மட்டுமே. மீதி 53இல் சில, திருமணச் சீராக வந்து இன்னும் அடுப்பையே காணாதவை! (பண்டிகை வரும் வாரத்தில் இச்சோதனை வேண்டாம், கணக்கு தவறும்.)

அந்த 31க்கும் கதவு தேவையில்லை. தொட்டிக்கு மேலே சுவரில் மாட்டும் எவர்சில்வர் ஸ்டாண்டு ஒன்று, 6,500 ரூபாய். தட்டும் டம்ளரும் அங்கேயே சொட்டி உலர்கின்றன. ஆழ்குழாய்த் தண்ணீர் வரும் நாளில் வெண்படலம் படிகிறது. அதைத் துணியால் துடைக்கத்தான் வேண்டும். குக்கரும் வாணலியும் இடுப்புயரக் கல்தட்டில், மாமியார் குனியாமல் எடுக்கும்படி வைக்கப்பட்டன. அடுப்பின் நேர்மேலே இருந்த தட்டு காலியாக விடப்பட்டது.

மற்றவை உயரத் தட்டுகளுக்குச் சென்றன; அங்கே மட்டும் கதவு. கல்தட்டுகள் ஏற்கெனவே இருந்ததால் சட்டமும் கதவும் போதுமாயின. 28 சதுர அடிக்கு 44,800 ரூபாய். ஸ்டாண்டையும் சேர்த்தால் 51,300. கடன் பேச்சு அத்துடன் நின்றது. ஆனால் உருளையின் முன்னே ஒரு திரைத்துணியாவது தொங்கவிடலாமா என்று மருமகள் கேட்டார். அடுப்பருகே துணி வேண்டாம் என்று மாமியார் மறுத்துவிட்டார். அதில் நாங்களும் அவர் பக்கமே.